க்ளையன்ட் மெயில்ல ஆச்சரியக்குறி, டோன்ட் கான்ட், ஸ்மைலி: எந்த வரியில ஓகே, எந்த வரியில வேண்டாம்

ஆஃபீஸ்ல இந்தப் பேச்சு வந்தாலே ரெண்டு கட்சி ஆயிடும். ஒரு கட்சி, க்ளையன்ட்டுக்குப் போற மெயில்ல ஆச்சரியக்குறியே வரக்கூடாது, எமோஜி போட்டா மானமே போச்சுன்னு சொல்லும். இன்னொரு கட்சி, இப்பல்லாம் யாரு அப்படி விறைப்பா எழுதுறாங்க, நாமளும் மனுசங்கதானேன்னு சொல்லும். ரெண்டு கட்சியும் மொத்த மெயிலுக்கும் சேர்த்து ஒரே பதில் தேடுறாங்க, சிக்கலே அங்கதான். ஒரு மெயில்ல ஆறு வரி இருந்தா ஆறும் ஆறு வேலை பாக்குது, ஒண்ணு நன்றி சொல்லுது, ஒண்ணு தேதி சொல்லுது, ஒண்ணு பணம் கேக்குது, ஒண்ணு முடியாதுங்குது. ஆச்சரியக்குறி ஓகேவாங்கிற கேள்விய வரிக்கு வரிதான் கேக்கணும்.

நான் பாக்குற வழி இதுதான். இந்த வரிய மூணு வாரம் கழிச்சு யாராவது காப்பி பண்ணி வேற ஒரு மெயில்ல ஒட்டுவாங்களா? அவங்க ஃபைனான்ஸ் ஆளுக்கு ஃபார்வர்ட் ஆகுமா, "நீங்கதானே அன்னிக்கு சொன்னீங்க"ன்னு எடுத்துக் காட்டுவாங்களா? ஆமான்னா அது பதிவாகப் போற வரி, அதுல குறி, படம் எதுவும் வேண்டாம். அன்னிக்குப் படிச்சு அன்னிக்கே மறந்துடுற வரின்னா (நன்றி, வாழ்த்து, வீக்கெண்ட் நல்லா இருக்கட்டும் மாதிரி) கொஞ்சம் தாராளமா இருக்கலாம். பழக்கம், நாடு, வயசு எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

முதல்ல நாம ஏன் இதையெல்லாம் போடுறோம்னு பாத்துடலாம், ஏன்னா காரணம் நியாயமானது. எழுத்துல குரல் இல்ல. 2005ல க்ரூகர், எப்லி குழு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல மெயில் எழுதுறவங்க தாங்க கிண்டலா சொன்னதா சீரியஸா சொன்னதான்னு படிக்கிறவங்க சுமார் 78 சதவீதம் சரியா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நினைச்சாங்க, நடந்தது 56 சதவீதம். ரெண்டுல ஒண்ணுன்னு கண்ண மூடிட்டு சொன்னாலே 50 வந்திருக்கும். நம்ம மண்டைக்குள்ள நம்ம குரல் ஓடிக்கிட்டே இருக்கு, எதிர்ல இருக்கிறவருக்கு அது கேக்கல, ஆனா அவருக்கும் கேக்குதுன்னு நாம நம்பிட்டே டைப் பண்றோம். அந்த இடைவெளிய ஏதாவது வச்சு அடைக்கத்தான் ஆச்சரியக்குறியும் ஸ்மைலியும் வருது.

ஆச்சரியக்குறியையே எடுத்துக்கங்க. பேருதான் ஆச்சரியம், வேலைல யாரும் ஆச்சரியப்பட்டு அதப் போடறதில்ல. 2006ல கரோல் வாசெலெஸ்கிங்கிறவங்க வேலை சம்பந்தமான ரெண்டு இணையக் குழுக்கள்ல வந்த பதிவுகள எடுத்துப் பாத்தப்போ, அது பெரும்பாலும் உணர்ச்சி கொந்தளிப்புக்கு வரல, நட்பா பேசுறேன்னு காட்டத்தான் வந்துச்சு, பெண்கள்தான் அத அதிகமா அந்த மாதிரி பயன்படுத்தியிருந்தாங்க. இன்னிக்கு அது இன்னும் ஒரு படி மேல போயிடுச்சு, குறி இல்லாத "தேங்க்ஸ்." பலருக்கு மூஞ்சிய தூக்கி வச்ச மாதிரி தெரியுது. முற்றுப்புள்ளி பத்தி பிங்கம்டன் பல்கலைக்கழகத்துல பண்ண ஆய்வு கூட இருக்கு, போன் மெசேஜ்ல ஒரே வார்த்தை பதிலுக்குப் பின்னாடி புள்ளி வச்சா மனசு இல்லாம சொன்ன மாதிரி படுதுன்னு வந்துச்சு, அதே பதில கையால எழுதின சீட்டா காட்டினா அந்த வித்தியாசம் இல்ல. மெயில் இது ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு. அதனால ஆச்சரியக்குறியே வேண்டாம்னு சொல்ற கட்சிய நான் முழுசா ஒத்துக்கல, அது இல்லாத மெயிலும் ஏதோ ஒண்ணு சொல்லத்தான் செய்யுது.

ஆனா அது நிக்க வேண்டிய இடம் ரொம்ப சின்னது. முதல் வரி நன்றி, இல்லன்னா கடைசி வரி வாழ்த்து, அவ்வளவுதான், ஒரு மெயிலுக்கு ஒண்ணு. கேக்குற வரியில போட்டா கேக்குறது விரட்டுறதா மாறிடும். "ப்ளீஸ் சென்ட் தி ஃபைல்ஸ் பை ஃப்ரைடே!" இத எழுதினவர் சிரிச்சுக்கிட்டே எழுதியிருப்பார், படிக்கிறவருக்கு மேஜையத் தட்டுற சத்தம் கேக்கும். மன்னிப்பு வரி இன்னும் மோசம். "சாரி ஃபார் தி டிலே!"ன்னு ரெண்டு நிமிஷம் லேட்டா மீட்டிங்குக்கு வந்தா சொல்லலாம், பத்து நாள் தள்ளிப்போன டெலிவரிக்கு அப்படி எழுதினா, இவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல போலன்னு தோணும். அங்க குறிய எடுத்துட்டா மட்டும் போதாது, அந்தக் குறி எத மூடி வச்சிருந்துச்சோ அத எழுதணும், அதாவது ஏன் லேட், இப்ப எங்க நிக்குது, எந்தத் தேதி.

இன்னொரு விஷயம் யாரும் யோசிக்கிறதில்ல. ஆச்சரியக்குறிக்கு விலைவாசி ஏறும். முதல் மாசம் ஒவ்வொரு மெயிலையும் "ஹாய்!", "கிரேட்!", "தேங்க்ஸ் சோ மச்!"னு அனுப்பிட்டு, ரெண்டாம் மாசம் ஒரு நாள் அவசரத்துல வெறும் புள்ளியோட ஒரு மெயில் போனா, அந்தப் பக்கம் "என்னாச்சு, கோவமா இருக்காங்களா"ன்னு பேசிக்குவாங்க. நீங்க ஒண்ணும் நினைக்கல, ஆனா நீங்களே வச்ச அளவுகோல்ல இருந்து இறங்கிட்டீங்க. அதனால புது க்ளையன்ட் கூட முதல் நாலஞ்சு மெயில் எப்படி எழுதுறீங்கங்கிறது முக்கியம், தினமும் அதே அளவுல எழுத முடியுமான்னு பாத்துட்டு அங்க ஆரம்பிக்கணும், பிஸியான நாள்லயும் உங்களால தாங்க முடியுற அளவு எதுவோ அது.

அடுத்து டோன்ட், கான்ட், வீ'ல், இட்ஸ் மாதிரி சுருக்கி எழுதுறது. பள்ளிக்கூடத்துல லெட்டர் எழுத சொல்லிக் குடுத்தப்போ இது தப்புன்னு சொன்னாங்க, அதனால இன்னமும் நிறைய பேருக்கு இது மரியாதைக் கேள்வியா இருக்கு. உண்மையில இந்த மூணுல இதுதான் ரொம்ப சாது. அமெரிக்க அரசாங்கத்தோட எளிய மொழி வழிகாட்டியே சுருக்கத்த பயன்படுத்தச் சொல்லுது. பிரிட்டன் அரசாங்கத் தளத்தோட எழுத்து விதிகள்ல இன்னும் நுணுக்கமா ஒண்ணு இருக்கு, யூ'ல் மாதிரி சுருக்கம் பரவாயில்ல, ஆனா கான்ட், டோன்ட் மாதிரி எதிர்மறைச் சுருக்கத்த தவிர்க்கணும், ஏன்னா பல வாசகர்களுக்கு அதப் படிக்கக் கஷ்டமா இருக்கு, சிலர் அதை நேர் எதிரா கூட படிச்சிடுறாங்கன்னு காரணமும் சொல்லியிருக்காங்க. ஷுட்'வ், குட்'வ் மாதிரி ஆட்களும் வேண்டாம்னு இருக்கு.

இது க்ளையன்ட் மெயிலுக்கு அப்படியே பொருந்தும், ஏன்னா க்ளையன்ட் உங்க மெயில உக்காந்து வாசிக்கல, லிஃப்ட்ல போன்ல மேலோட்டமா ஓட்டுறார். "வீ கான்ட் டெலிவர் பை தி 14த்" அப்படிங்கிறதுல முடியாதுங்கிற மொத்த சேதியும் ஒரு மேற்கோள் குறியிலயும் ஒரு எழுத்துலயும் தொங்கிட்டு இருக்கு. கண்ணு அத தாண்டிட்டா "கேன் டெலிவர்"னு ஆயிடும், 14ஆம் தேதி அவர் போன் பண்ணுவார். "கேனாட்"னு முழுசா எழுதினா அந்த ஆபத்து குறையும். தாய்மொழி இங்கிலீஷ் இல்லாத க்ளையன்ட்டா இருந்தா இது இன்னும் முக்கியம். அதோட டெக்னிக்கலா ஒரு தொல்லையும் உண்டு, வேர்டுல இருந்து காப்பி பண்ணி ஒட்டுன வளைஞ்ச மேற்கோள் குறி, எழுத்துக் குறியீடு சரியா ஒத்துப்போகாத இடத்துல `â€™`னு மூணு கிறுக்கலா மாறி வரும். டோன்ட்ல நடுவுல இது வந்து உக்காந்தா வார்த்தையே காணாமப் போயிடும்.

அதுக்காக எல்லாத்தையும் விரிச்சு எழுதுனா வேற வம்பு. "ஐ டூ நாட் திங்க் திஸ் இஸ் எ ப்ராப்ளம்"னு எழுதிப் பாருங்க, சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கும், ஏன்னா பேச்சுல நாம அழுத்திச் சொல்லும்போதுதான் விரிச்சுச் சொல்றோம். அதனால நான் வச்சிருக்கிற அளவு இது. ஐ'ம், வீ'ல், இட்ஸ் எல்லாம் எந்த க்ளையன்ட்டுக்கும் பயமில்லாம போடலாம். தேதி, விலை, எது வேலைக்குள்ள வரும் எது வராது, மறுப்பு, இந்த நாலு விஷயம் பத்தின எதிர்மறைய மட்டும் விரிச்சு எழுதணும். ஒப்பந்தம், கொட்டேஷன் மாதிரி இணைப்புக்குள்ள சுருக்கமே வேண்டாம், அது மெயிலே இல்ல.

இப்ப எமோஜி. இதுல அபிப்பிராயம் நிறைய, தெரிஞ்ச விஷயமும் கொஞ்சம் இருக்கு. 2017ல வெளியான ஒரு ஆய்வு, க்ளிக்சன், செஷின், வான் க்ளீஃப்னு மூணு பேர் பண்ணது, 29 நாடுகள்ல இருந்து 549 பேர். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட இருந்து வேலை சம்பந்தமா வந்த மெயில படிக்கச் சொன்னாங்க, சிலதுல ஸ்மைலி இருந்துச்சு. நேர்ல சிரிக்கிற முகத்துக்குக் கிடைக்கிற பலன் அதுக்குக் கிடைக்கல. ஸ்மைலி போட்டவர் அன்பானவர்னும் தோணல, அதுக்கு மேல வேலை தெரிஞ்சவர்ங்கிற மதிப்பும் இறங்குச்சு, அவருக்கு எழுதின பதில்ல விவரமும் கம்மியா இருந்துச்சு. அனுப்பினவர் ஆணா பெண்ணான்னு சொல்லாதப்போ ஸ்மைலி இருந்தா பெண்ணாதான் இருக்கும்னு அதிகமா ஊகிச்சாங்க. இது முதல் அறிமுகம், ஃபார்மலான சூழல் பத்தின முடிவு, பத்து வருஷம் பழகின க்ளையன்ட்டுக்கு இத அப்படியே நீட்டக்கூடாது. ஆனா முதல் மெயில்ல ஸ்மைலி வேண்டாம்ங்கிறதுக்கு இது போதும்.

ரெண்டாவது, நீங்க அனுப்புற படம் அங்க அதே படமா போய்ச் சேரணும்னு இல்ல. மினசோட்டா பல்கலைக்கழகத்துல க்ரூப்லென்ஸ் குழு 2016ல பாத்தது, பல்ல காட்டி சிரிக்கிற ஒரு எமோஜி ஒரு கம்பெனி போன்ல சந்தோஷமாவும் ஆப்பிள்ல வலியில பல்லக் கடிக்கிற மாதிரியும் தெரிஞ்சிருக்கு, அதே வருஷம் ஆப்பிள் அதோட முகத்த மாத்தினாங்க. இன்னும் வேடிக்கை, ரெண்டு பேர் அதே படத்தையே பாத்தாலும் சுமார் நாலுல ஒரு தடவை ஒருத்தர் நல்லவிதமா, இன்னொருத்தர் சும்மா இல்லன்னா கெட்டவிதமா எடுத்துக்கிட்டாங்க. மெயிலுக்கே உரிய கோளாறும் ஒண்ணு இருக்கு. பழைய அவுட்லுக் பதிப்புகள்ல `:-)` டைப் பண்ணா அது தானா சிரிச்ச முகமா மாறும், ஆனா அது உண்மையில விங்டிங்ஸ் ஃபான்ட்ல இருக்கிற `J` எழுத்து. அந்த ஃபான்ட் காட்டாத மெயில்ல திறந்தா வரி முடிவுல தனியா ஒரு `J` நிக்கும். அது என்ன கையெழுத்தா, பேரா, டைப்பிங் தப்பான்னு மண்டைய உடைச்சுக்கிட்டவங்க எத்தனையோ பேர்.

மூணாவதுதான் எனக்குப் பெருசா படுது, கட்டைவிரல். "பாத்துட்டேன்"னும் அதுதான், "சம்மதம்"னும் அதுதான். கனடாவுல சஸ்காச்சுவன் மாகாணத்துல 2021ல ஒரு தானியக் கொள்முதல் கம்பெனி ஆளு விவசாயி ஒருத்தருக்கு ஆளி விதை வாங்குற ஒப்பந்தத்த போட்டோ எடுத்து மெசேஜ்ல அனுப்பி உறுதிப்படுத்தச் சொன்னார், அவர் ஒரு தம்ஸ் அப் போட்டார். விதை வரல. கிடைச்சுதுன்னு சொல்லத்தான் போட்டேன்னு விவசாயி தரப்பு சொல்லுச்சு, 2023ல நீதிமன்றம் அது கையெழுத்து மாதிரிதான்னு சொல்லி 82,000 கனடா டாலருக்கு மேல நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு, 2024ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி பண்ணிச்சு. அந்த ரெண்டு பேருக்கும் இடையில முன்னாடியும் சின்னச் சின்ன பதில்லயே ஒப்பந்தம் முடிஞ்ச வரலாறு இருந்துச்சு, அதுவும் தீர்ப்புல ஒரு காரணம். எல்லா ஊர் சட்டமும் இப்படின்னு சொல்ல வரல, ஆனா க்ளையன்ட் ஒரு மாற்றம் கேட்டு எழுதின மெயிலுக்கு தம்ஸ் அப் மட்டும் போட்டா நீங்க எதுக்கு ஆமான்னு சொன்னீங்கன்னு நீங்களே பின்னால நிரூபிக்க முடியாது. இப்ப ஜிமெயில், அவுட்லுக் ரெண்டுலயும் மெயிலுக்கு ரியாக்‌ஷன் பட்டனே வந்துடுச்சு, கை தவறி தொட்டா கூட போயிடும், ஜிமெயில்ல இருந்து போறத காட்டத் தெரியாத மெயில் ஆப்ல அது தனி மெயிலாவே போய் நிக்கும்.

ஒரு மெயில வச்சே பாத்துடலாம். ஒரு டேஷ்போர்டு வேலை, 20ஆம் தேதி லாஞ்ச். க்ளையன்ட் மேனேஜர் ரொம்ப கலகலப்பானவர், "ரெண்டு ஸ்க்ரீன் எக்ஸ்ட்ரா சேத்துடலாமா? 😊"ன்னு 12ஆம் தேதி கேக்குறார், சிசியில அவங்க ஃபைனான்ஸ் ஆளும் இருக்கார். நம்ம பக்கம் எழுதின டிராஃப்ட் அஞ்சு வரி:

"தேங்க்ஸ் ஃபார் தி க்விக் ஃபீட்பேக்! வீ'ல் ஆட் தி டூ ஸ்க்ரீன்ஸ் 👍 தே வோன்ட் பி ரெடி பை தி 20த் தோ! தேர்'ஸ் எ ஸ்மால் எக்ஸ்ட்ரா காஸ்ட் 😊 லெட் மீ நோ!"

முதல் வரி அப்படியே இருக்கட்டும், அது நன்றி, யாரும் இத எடுத்து நாளைக்கு வாதாடப் போறதில்ல. ரெண்டாவது வரியில வீ'ல் பிரச்சனை இல்ல, கட்டைவிரல்தான் பிரச்சனை, ஏன்னா விலை பேசுறதுக்கு முன்னாடியே கை குலுக்கின மாதிரி ஆகுது. படத்த எடுத்துட்டு, நீங்க ஒப்புதல் குடுத்ததும் சேர்ப்போம்னு மாத்தணும். மூணாவது வரிலதான் மூணு தப்பு ஒண்ணா இருக்கு, வோன்ட்ங்கிற சுருக்கம், கெட்ட சேதிக்கு ஆச்சரியக்குறி, அப்புறம் எப்ப ரெடியாகும்னே சொல்லல. "தே வில் நாட் பி ரெடி பை தி 20த். வீ கேன் டெலிவர் தெம் பை தி 27த்." ரெண்டு புள்ளி, ரெண்டு தேதி, மத்த வேலை 20ஆம் தேதியே போகும்னு ஒரு வரி சேத்துக்கலாம். நாலாவது வரி, பணத்துக்குப் பக்கத்துல சிரிப்பு. சின்ன செலவுன்னு சொல்லி சிரிச்சா, மேனேஜர் சிரிப்பார், ஃபைனான்ஸ் ஆளு "எவ்வளவுன்னு சொல்ல ஏன் தயங்குறாங்க"ன்னு யோசிப்பார். அங்க எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை, எந்த கொட்டேஷன் நம்பர்னு எழுதணும். அஞ்சாவது "லெட் மீ நோ!" காத்துல விட்ட வரி, 14ஆம் தேதிக்குள்ள பதில் வந்தா 27 சாத்தியம்னு முடிச்சுடலாம்.

மாத்தின மெயில்ல ஒரே ஒரு ஆச்சரியக்குறி மிஞ்சுது, எமோஜி இல்ல, ஆனா படிச்சா விறைப்பா தெரியாது, ஏன்னா முதல் வரி கையப் புடிச்சு பேசுது, மத்த வரியெல்லாம் அவருக்கு வேண்டிய விவரத்த குடுக்குது. நட்பு குறிலதான் இருக்குன்னு நினைக்கிறவங்க இந்த ரெண்டு மெயிலையும் ஃபைனான்ஸ் ஆளு இடத்துல இருந்து படிச்சுப் பாக்கட்டும்.

க்ளையன்ட் எப்படி எழுதுறாரோ அப்படியே நீங்களும் எழுதுங்கன்னு ஒரு அறிவுரை ரொம்ப நாளா சுத்துது. பாதி சரி. அவரோட கடைசி மூணு நாலு மெயில பாருங்க, ஒரே ஒரு நாள் நல்ல மூட்ல போட்ட ஸ்மைலிய வச்சு முடிவு பண்ணாதீங்க. அவர் எந்த அளவுல இருக்காரோ அதுக்கு ஒரு படி கீழ நில்லுங்க, அவர் ரெண்டு எமோஜின்னா நீங்க ஒண்ணு, அதுவும் அவர் முதல்ல போட்டதுக்கு அப்புறம். சிசியில ஆள் இருந்தா அதுல யார் ரொம்ப ஃபார்மலோ அவர் அளவுதான் கணக்கு, மேல இருக்கிற டேஷ்போர்டு மேனேஜர் மாதிரி. அப்புறம் பணம் குடுக்கிறவருக்கு இருக்கிற சுதந்திரம் பணம் வாங்குறவருக்கு இல்லங்கிறதையும் ஒத்துக்கணும், அவர் ஒத்த வார்த்தையில பதில் போடலாம், நாம போட்டா அலட்சியம்.

டீம்ல இத விதியா வைக்கிறவங்க கவனிக்க வேண்டிய ஒண்ணு, "கொஞ்சம் ஃபார்மலா எழுதும்மா"ன்னு பெண்களுக்கு மட்டும் போற அறிவுரை. அவங்க குறி போட்டா சின்னப் புள்ளத்தனம், போடலன்னா முசுடுன்னு ரெண்டு பக்கமும் அடி வாங்குறாங்க. பணம், தேதி, மறுப்பு வரியில குறி வேண்டாம்னு வரி மேல விதி வச்சா அது எல்லாருக்கும் ஒண்ணுதான், யாரோட சுபாவத்தையும் தொட வேண்டியதில்ல.

இந்த அளவெல்லாம் தலைகீழாகுற ஒரு இடம், க்ளையன்ட் கோவமா இருக்கிறப்போ. எத்தனை வருஷ பழக்கமானாலும், முந்தின வாரம் வரைக்கும் ஸ்மைலி பறந்திருந்தாலும், புகார் மெயில் வந்த அந்த த்ரெட்ல எல்லாமே பூஜ்யத்துக்கு வந்துடணும், "ஹாய்!" கூட வெறும் ஹாய், கமா. ஐ'ம், வீ'ல் இருக்கட்டும், அதையும் எடுத்துட்டா வக்கீல் எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும், கோவம் கூடும். பிரச்சனை முடிஞ்சதும் நாமளா திரும்ப ஆரம்பிக்க வேண்டாம், அவர் மெயில்ல எப்ப முதல் ஆச்சரியக்குறி திரும்ப வருதோ அதுக்கு அடுத்த மெயில்ல இருந்து நம்மளதும் வரலாம்.